வெற்றித்தொகை பத்து லட்சம், கைக்கு வந்தது நட்டம்: ஓர் ஆன்லைன் ரம்மி கணக்கின் ஆண்டு அறிக்கையை வாசித்தல்

கோயம்புத்தூரில் சிறிய லேத் பட்டறை நடத்தும் ஒருவர், 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரி ரிட்டர்ன் வேலைக்காக மனைவியுடன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பட்டறைக் கணக்கில் சிக்கல் ஒன்றும் இல்லை. அவரைக் கலங்கடித்திருந்தது ஆன்லைன் ரம்மி தளம் ஒன்றிலிருந்து அவர் தரவிறக்கிக் கொண்டுவந்திருந்த ஆண்டு அறிக்கை. அதன் முதல் பக்கத்தில் மொத்த வெற்றித்தொகை ரூ. 10,80,000 என்று இருந்தது. "சார், பத்து லட்சத்துக்கு மேல ஜெயிச்சிருக்கேன்னு போட்டிருக்கு. இதுக்கு முப்பது பெர்சென்ட் வரி கட்டச் சொன்னா நான் எங்கே போவேன்?" என்று கேட்டார். ஆண்டு முழுவதும் எவ்வளவு போயிருக்கும் என்று நான் கேட்டபோது, ஐம்பது அறுபதாயிரம் போயிருக்கலாம் என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி அந்தப் பதிலை ஏற்கவில்லை. "வீட்டுல இருந்து போனது எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க சார்," என்றார்.

ஆக, ஒரே அறிக்கையை வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருந்தது. ஒன்று, சட்டத்தின் பார்வையில் அவர் வென்றாரா என்பது. மற்றொன்று, குடும்பத்தின் பணத்தில் எவ்வளவு குறைந்தது என்பது. இரண்டுக்கும் விடை அந்த அறிக்கையிலும் வங்கிக் கணக்கிலும் இருந்தது, ஆனால் முதல் பக்கத்தின் பெரிய எழுத்து எண்களில் இல்லை. அவருடைய ஒப்புதலோடு அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியும், கூட்டிக் கழிக்க எளிதாக எண்களை முழுமையாக்கியும் இருக்கிறேன்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்தவை இவ்வளவுதான். 2024 ஏப்ரல் 1 அன்று தொடக்க இருப்பு ரூ. 4,000. ஆண்டில் வரவான பணம் ரூ. 2,50,000. போனஸ் ரூ. 70,000. நுழைவுத் தொகை ரூ. 12,42,500. வெற்றித்தொகை ரூ. 10,80,000. பணம் எடுப்புக் கோரிக்கைகள் ரூ. 1,84,000. தளமே பிடித்துக் கட்டிய வருமான வரியான டிடிஎஸ் ரூ. 9,000. 2025 மார்ச் 31 அன்று இறுதி இருப்பு ரூ. 1,500. இதற்குப் பின்னால் தேதி வாரியாக ஒவ்வொரு நடவடிக்கையையும் காட்டும் பக்கங்கள் நிறைய இருந்தன.

முதலில் வெற்றித்தொகை என்ற எண்ணின் பயத்தைப் போக்க வேண்டும். இரண்டு பேர் ஆடும் பூல் ரம்மியில் ஆளுக்கு ரூ. 1,000 நுழைவுத் தொகை என்று வைத்துக்கொள்வோம். மேசையில் சேர்ந்த ரூ. 2,000-இல் தளம் தன் சேவைக் கட்டணமாகப் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டால், வென்றவருக்கு ரூ. 1,800 போகும். அறிக்கையில் வெற்றித்தொகை என்று ஏறுவது இந்த முழு ரூ. 1,800. அதில் ஆயிரம் ரூபாய் அவர் சற்று முன் போட்ட அவருடைய சொந்தப் பணம். கூடுதலாகக் கிடைத்தது எண்ணூறுதான். இதே மேசையில் ஒருவர் பத்து ஆட்டம் ஆடிச் சரிபாதி, அதாவது ஐந்து ஆட்டம், வென்றால் அறிக்கை அவருக்கு ரூ. 9,000 வெற்றித்தொகை காட்டும். நுழைவுத் தொகையாக அவர் கொடுத்தது ரூ. 10,000. திறமையில் எதிராளிக்குச் சமமாக இருந்தும் அவருக்கு ஆயிரம் ரூபாய் நட்டம், அந்த ஆயிரமும் சேவைக் கட்டணமாகவே போனது. மளிகைக் கடைக்காரர் கல்லாவில் விழுந்த பணத்தையெல்லாம் லாபம் என்று எழுதுவதில்லை அல்லவா. வெற்றித்தொகை என்ற வரியும் அந்தக் கல்லாவைப் போன்றதுதான்.

ஆகவே வெற்றித்தொகையைத் தனியே வாசிக்கக் கூடாது, நுழைவுத் தொகையின் பக்கத்தில் வைத்தே வாசிக்க வேண்டும். இவர் மேசையில் வைத்தது ரூ. 12,42,500, மேசையிலிருந்து திரும்பியது ரூ. 10,80,000. வித்தியாசம் ரூ. 1,62,500. வைத்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறக்குறைய எண்பத்தேழு ரூபாய் திரும்பியிருக்கிறது, பதின்மூன்று ரூபாய் போயிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பன்னிரண்டரை லட்சத்தை நெருங்கும் அந்த நுழைவுத் தொகை அவருடைய பையிலிருந்து வந்த பணம் அல்ல என்பது. கணக்கில் ஏறிய பணமும் போனஸும் சேர்ந்து ரூ. 3,20,000தான். அந்தப் பணம் வென்றும் தோற்றும் மீண்டும் மீண்டும் மேசைக்குப் போனதால் கிட்டத்தட்ட நான்கு மடங்காகப் பெருகித் தெரிகிறது. சேவைக் கட்டணம் ஒவ்வொரு சுற்றிலும் பிடிக்கப்படுவதால், பணம் எத்தனை முறை சுழன்றதோ அத்தனை முறை அது கரைந்தது. சேவைக் கட்டணத்துக்கு முதல் பக்கத்தில் தனி வரி இல்லை. அது நுழைவுத் தொகைக்கும் வெற்றித்தொகைக்கும் இடையிலான வித்தியாசத்துக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. அதைத் தேடி எடுத்து மறுபடியும் கழித்தால் நட்டம் இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும்.

அடுத்து, அறிக்கை தனக்குள்ளேயே சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம். தொடக்க இருப்போடு உள்ளே வந்த எல்லாவற்றையும் கூட்டி, வெளியே போன எல்லாவற்றையும் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். இருப்பு, வரவு, போனஸ், வெற்றித்தொகை நான்கையும் கூட்டினால் ரூ. 14,04,000. நுழைவுத் தொகையையும் பணம் எடுப்பையும் கூட்டினால் ரூ. 14,26,500. அப்படியென்றால் கணக்கில் ரூ. 22,500 குறைவாக இருக்க வேண்டும், அதாவது இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும். ரம்மி தளம் எவருக்கும் கடன் கொடுப்பதில்லை. அறிக்கையோ ரூ. 1,500 இருப்பதாகச் சொல்கிறது. இடைவெளி ரூ. 24,000.

இந்த இடைவெளியின் காரணம் தேதி வாரிப் பக்கங்களில் இருந்தது. வருடத்தின் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை அவர் பணம் எடுக்கக் கோரிக்கை கொடுத்துவிட்டு, அது வங்கிக்குப் போய்ச் சேருமுன் ரத்து செய்து, அதே இரவில் அந்தப் பணத்தை ஆடியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிகள் உண்டு. எடுத்துக்காட்டாக அவற்றில் ஒன்று: இரவு ஒன்பது மணிக்கு எடுப்புக் கோரிக்கை ரூ. 10,000, பத்தரை மணிக்கு அதே ரூ. 10,000 திரும்ப வரவு. முதல் பக்கத்தின் சுருக்கம் கோரிக்கைகளை மட்டும் கூட்டியிருந்தது. திரும்ப வந்தவற்றை வேறு தலைப்பில், பின் பக்கங்களில் வைத்திருந்தது. மூன்றும் சேர்ந்து ரூ. 24,000. அதைச் சேர்த்ததும் கணக்கு நேரானது. உண்மையில் எடுக்கப்பட்டது ரூ. 1,60,000. ஒருவர் தன் நட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்கு இந்த ரத்தான கோரிக்கைகள் பெரிய காரணம் என்பது என் எண்ணம். கோரிக்கை கொடுத்த நேரத்தில் பணம் வீட்டுக்கு வந்துவிட்டதாக மனம் எழுதிக்கொள்கிறது. ஒன்றரை மணி நேரம் கழித்து அதை அழித்து எழுதுவதில்லை.

இதுவரை பார்த்தது தளம் சொல்லும் கதை. அடுத்து வங்கியை வைத்துச் சோதிக்க வேண்டும். அவருடைய சேமிப்புக் கணக்கின் பன்னிரண்டு மாத அறிக்கையை எடுத்து, தளத்துக்குப் போன யுபிஐ பணத்தையெல்லாம் தனியே பிரித்தோம். இதில் ஒரு தொல்லை உண்டு. வங்கிப் பதிவில் ரம்மி தளத்தின் பெயர் எப்போதும் இருக்காது. பணம் செலுத்தும் இடைநிலை நிறுவனத்தின் பெயரோ, தளத்தை நடத்தும் கம்பெனியின் பதிவுப் பெயரோ இருக்கும். ஆகவே பெயரைக் கொண்டு தேடுவதைவிட, தள அறிக்கையில் உள்ள தேதியையும் நேரத்தையும் கொண்டு வங்கிப் பதிவைத் தேடுவது நம்பகமானது. சில வரிகளைப் பொருத்திவிட்டால் எந்தெந்தப் பெயர்களில் பணம் போகிறது என்பது தெரிந்துவிடும். அதன்பின் வேலை விரைவாக நடக்கும்.

பொருத்தத் தொடங்கிய உடனேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வங்கியில் ரூ. 1,280 போயிருக்கும் நாளில் தள அறிக்கை ரூ. 1,000 என்று காட்டியது. ரூ. 6,400 போன நாளில் ரூ. 5,000. இது பிழை அல்ல. 2023 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் பண விளையாட்டுகளில் போடும் பணத்தின் மீது 28 சதவீத சரக்கு சேவை வரி வந்தது. தளங்கள் அந்த வரியை, வீரர் போட்ட தொகைக்குள்ளேயே அடங்கியதாகக் கணக்கிட்டன. நூறு ரூபாய் போட்டால் ரூ. 78.12 ஆட்டக் கணக்கில் ஏறும், ரூ. 21.88 வரியாகப் போகும். வீரர்கள் விலகிப் போகாதிருக்க, வரியாகப் போன அதே அளவுக்குப் பல தளங்கள் போனஸ் கொடுத்தன. அந்தப் போனஸை நுழைவுத் தொகையில் பயன்படுத்தலாம், வங்கிக்கு எடுக்க முடியாது. இந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்த ரூ. 2,50,000 என்பது வரி போக ஏறிய பணம் மட்டும். அதை 1.28-ஆல் பெருக்கினால் அவர் போட்டது ரூ. 3,20,000 என்று வரும். வித்தியாசமான ரூ. 70,000 சரக்கு சேவை வரி, போனஸ் வரியில் இருக்கும் ரூ. 70,000-உம் அதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதே.

எல்லாத் தளங்களும் இதை ஒரே மாதிரி எழுதுவதில்லை. சிலவற்றில் முழுத் தொகையையும் காட்டி வரியைத் தனி வரியில் கழித்திருப்பார்கள். எந்த முறை என்று அறிய, எந்த நாளை வேண்டுமானாலும் எடுத்து ஒரு யுபிஐ பதிவோடு ஒப்பிட்டால் போதும். அதைச் செய்யாமல் அறிக்கையின் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், இந்தக் கணக்கில் எழுபதாயிரம் ரூபாய் கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

சேமிப்புக் கணக்கில் இருந்த எல்லாப் பதிவுகளையும் கூட்டியபோது ரூ. 3,00,900 வந்தது. அதில் இரண்டு பரிவர்த்தனைகள் தோல்வியடைந்து, ரூ. 6,500 சில நாட்களில் வங்கிக்கே திரும்பியிருந்தது, கழித்தால் ரூ. 2,94,400. வர வேண்டியதோ ரூ. 3,20,000. மீதி ரூ. 25,600 எங்கே என்று கேட்டபோது அவருக்கு நினைவு வரவில்லை. வங்கியில் இணை இல்லாமல் நின்ற வரவுகளின் தேதிகளை மட்டும் தள அறிக்கையிலிருந்து எழுதிக் காட்டினேன். எல்லாம் ஜனவரியின் ஒரே வாரத்தில் இருந்தன. அதைப் பார்த்ததும் பட்டறையின் நடப்புக் கணக்கைத் திறந்தார். சேமிப்பில் பணம் தீர்ந்த அந்த வாரத்தில், வாடிக்கையாளர் கொடுத்த முன்பணத்திலிருந்து ரூ. 25,600 அங்கிருந்து போயிருந்தது. பட்டறைக் கணக்கில் அது கச்சாப்பொருள் வாங்கியதாக எழுதப்பட்டிருந்தது. அதை உரிமையாளரின் சொந்த எடுப்பு என்று திருத்தினோம். வங்கித் தொகை அறிக்கையோடு ஒத்துவராதபோது, பெரும்பாலும் வேறொரு வங்கிக் கணக்கோ பண அட்டையோ வாலட்டோ இருக்கிறது என்றே பொருள்.

வங்கிக்கு வந்த பக்கத்தைப் பார்த்தால், வருடம் முழுவதும் ரூ. 1,51,000 வந்திருந்தது. முதல் பக்கம் சொன்ன ரூ. 1,84,000-க்கும் இதற்கும் ரூ. 33,000 வித்தியாசம். அதில் ரூ. 24,000 ரத்தான கோரிக்கைகள் என்று முன்பே கண்டோம். மீதி ரூ. 9,000 டிடிஎஸ்.

ஆண்டு முழுவதும் தோற்றவரிடம் வரி ஏன் பிடித்தார்கள் என்பதுதான் கணவன் மனைவி இருவருக்கும் புரியாத இடம். அந்த நிதியாண்டுக்குப் பொருந்திய 1961 வருமான வரிச் சட்டத்தில் 194பிஏ பிரிவு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆன்லைன் விளையாட்டின் நிகர வெற்றிமீது 30 சதவீதத்தைத் தளமே பிடிக்க வேண்டும். பணம் எடுக்கும்போது ஒரு முறையும், நிதியாண்டு முடியும்போது கணக்கில் மீதி இருப்பதற்கும் அது கணக்கிடப்படும். நிகர வெற்றி எது என்பதை விதி 133 சொல்கிறது. ஆண்டு முழுமைக்கான சூத்திரம் இது:

```
(A + D) − (B + C)
```

இதில் A என்பது ஆண்டில் எடுத்த பணம், D இறுதி இருப்பு, B வரிக்கு உட்படாத சொந்தப் பணமாகப் போட்டது, C தொடக்க இருப்பு. நடுவில் பணம் எடுக்கும்போது இறுதி இருப்பை விட்டுவிட்டு, அதுவரை எடுத்ததிலிருந்து அதுவரை போட்டதையும் தொடக்க இருப்பையும் கழிப்பார்கள். ஏற்கெனவே வரி பிடித்த வெற்றி இருந்தால் அதையும் கழித்துக்கொள்வார்கள்.

ஏப்ரல் மாதத்தில் இவர் வங்கியிலிருந்து ரூ. 12,800 போட்டார், கணக்கில் ஏறியது ரூ. 10,000. இரண்டு நாட்கள் சீட்டு நன்றாக விழுந்து, மாத நடுவில் ரூ. 44,000 எடுத்தார். அதிலிருந்து போட்ட ரூ. 10,000-ஐயும் தொடக்க இருப்பான ரூ. 4,000-ஐயும் கழித்தால் நிகர வெற்றி ரூ. 30,000. வரி ரூ. 9,000 போக, வங்கிக்கு ரூ. 35,000 வந்தது. அந்த நாளின் கணக்குப்படி அது சரி. அதன்பின் அவர் போட்ட பணம் எடுத்த பணத்தைவிட எப்போதும் கூடுதலாகவே இருந்ததால் வேறு பிடித்தம் வரவில்லை. ஆனால் ஒருவருக்காகப் பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் அந்த ஏப்ரல் வரி மட்டும் நிற்கிறது: வெற்றி ரூ. 30,000, பிடித்தம் ரூ. 9,000. அதைப் பார்ப்பவர்கள் அவர் அந்த ஆண்டில் முப்பதாயிரம் சம்பாதித்தார் என்றே நினைப்பார்கள்.

ஆண்டு முழுமைக்கும் சூத்திரத்தைப் போட்டால் படம் மாறுகிறது. எடுத்தது ரூ. 1,60,000, இறுதி இருப்பு ரூ. 1,500; கழிக்க வேண்டியவை ரூ. 2,50,000-உம் ரூ. 4,000-உம். விடை கழித்தல் ரூ. 92,500. நிகர வெற்றி இல்லை என்பதே பொருள். பத்து லட்சத்து எண்பதாயிரத்துக்கு முப்பது சதவீதம், அதாவது ரூ. 3,24,000, கட்ட வேண்டியிருக்குமோ என்ற அவருடைய அச்சத்துக்கு அடிப்படை இல்லை. சட்டம் வெற்றித்தொகை என்ற வரியைத் தொடுவதே இல்லை. பிடித்த ஒன்பதாயிரத்தைத் தளம் திருப்பித் தராது. அதை ரிட்டர்னில் முன்கட்டிய வரியாகக் கோர வேண்டும். அதே வேளையில், இந்தத் தொண்ணூற்று இரண்டாயிரத்து ஐந்நூறை அவருடைய பட்டறை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. சட்டத்தைப் பொறுத்தவரை இத்தகைய விளையாட்டின் நட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

கணவரின் கேள்விக்கு இதுவே விடை. மனைவியின் கேள்விக்கு வேறு கூட்டல் தேவைப்பட்டது. இரண்டு வங்கிக் கணக்குகளிலிருந்தும் போனது ரூ. 3,20,000, திரும்பி வந்தது ரூ. 1,51,000. வீட்டிலிருந்து போனது ரூ. 1,69,000. "அறுபதாயிரம்னு சொன்னீங்க," என்று மட்டும் அவர் சொன்னார். ஆட்டக் கணக்கில் ஆண்டின் தொடக்கத்தில் இருந்த ரூ. 4,000 ரூ. 1,500 ஆகக் குறைந்திருப்பதால், அந்த ரூ. 2,500-ஐயும் சேர்த்தால் உண்மையான குறைவு ரூ. 1,71,500. டிடிஎஸ் ரூ. 9,000 ரிட்டர்னில் திரும்பக் கிடைத்தால் ரூ. 1,62,500.

இந்தக் கடைசி எண்ணை நாம் முன்பே பார்த்திருக்கிறோம்: நுழைவுத் தொகைக்கும் வெற்றித்தொகைக்கும் இடையிலான வித்தியாசம் அதுவே. வெவ்வேறு வழிகளில் கிளம்பி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் கணக்கை நம்பலாம். இங்கே அவை சேர்வதற்குக் காரணம், போனஸ் முழுவதும் ஆடித் தீர்ந்திருந்ததும், அதன் அளவு சரக்கு சேவை வரியின் அளவுக்குச் சமமாக இருந்ததும்தான். போனஸ் பயன்படாமல் மீதி இருந்தாலோ, விழாக் காலத்துச் சலுகையாகக் கூடுதல் போனஸ் வந்திருந்தாலோ இரண்டும் ஒத்துவராது. அப்போது வங்கிக் கூட்டலையே முடிவாகக் கொள்ள வேண்டும். விதி 133-இன் ரூ. 92,500-க்கும் குடும்பத்தின் ரூ. 1,62,500-க்கும் இடையே நிற்பது அந்த எழுபதாயிரம் ரூபாய் வரிதான். இந்தத் தளம் வரி போக ஏறிய பணத்தையே போட்ட பணமாக எடுத்துக்கொண்டதால், வரியாகப் போனது அதன் நிகரக் கணக்கில் எங்கும் வரவில்லை. தளம் காட்டும் நிகர முடிவை அப்படியே குடும்ப நட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஐம்பது அறுபதாயிரம் என்று அவர் சொன்னது பொய் அல்ல என்று நம்புகிறேன். மாத வாரியாகப் பிரித்துப் பார்த்தால் அந்த நினைவு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. ஏப்ரலில் போனது ரூ. 12,800, வந்தது ரூ. 35,000, வங்கியில் ரூ. 22,200 கூடியது. மீதிப் பதினோரு மாதங்களில் போனது ரூ. 3,07,200, வந்தது ரூ. 1,16,000, ரூ. 1,91,200 குறைந்தது. ஏப்ரலின் முப்பத்தைந்தாயிரம் ஒரே நாளில், ஒரே குறுஞ்செய்தியாக வந்தது. அதில் மகளுக்குச் சைக்கிள் வாங்கினார்கள். போன பணமோ ரூ. 640, ரூ. 1,280, ரூ. 2,560 என்று சிறுசிறு தொகைகளாக, பெரும்பாலும் இரவில் போனது. பெரியதாக வந்தது நினைவில் நிற்கிறது, சிறியதாகப் போனவை நிற்பதில்லை. ஆண்டு அறிக்கையை மாத வாரியாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் போனதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, மொத்தத் தொகையைச் சொல்வதைவிடத் தெளிவாக இதைக் காட்டுகிறது. அவரும் அந்தத் தாளைத்தான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்த பணத்தை மறுபடி போடுவது பற்றியும் அந்தத் தாளிலேயே பார்க்க முடிந்தது. நவம்பரில் ஒரு நாள் ரூ. 10,000 எடுத்து, மறுநாள் அதே ரூ. 10,000-ஐப் போட்டிருந்தார். போட்டதிலும் எடுத்ததிலும் பத்தாயிரம் கூடுவதால், இரண்டையும் கழித்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். வங்கியைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் திரும்பப் போட்ட பத்தாயிரத்தில் ரூ. 2,187.50 வரியாகப் போய், ஆட்டக் கணக்கில் ஏறியது ரூ. 7,812.50 மட்டும். அவர் சீட்டைத் தொடாமலே இருந்திருந்தாலும் அந்தத் தொகை குறைந்திருக்கும்.

அறிக்கை காட்டாத ஒன்றையும் குறித்துக்கொண்டோம். டிசம்பரில் ஒரு தனிநபர் கடன் எடுத்திருந்தார். அதன் ஒரு பகுதி தளத்துக்குப் போயிருந்தது. அந்தக் கடனின் வட்டி எந்தத் தளத்தின் அறிக்கையிலும் இருக்காது. அதை ஆட்ட நட்டத்தோடு கலக்காமல் தனித் தலைப்பில் வைத்தோம். கடன் தொகை வங்கி வழியாகத் தளத்துக்குப் போனபோதே ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டது. வட்டியை மட்டும் தனியே எழுத வேண்டும், அசலை மீண்டும் சேர்க்கக் கூடாது.

ரிட்டர்னில் நிகர வெற்றியைப் பூஜ்யம் என்று காட்டி, ரூ. 9,000 வரவைக் கோரினோம். 26ஏஎஸ் முப்பதாயிரம் காட்டுவதால் துறை விளக்கம் கேட்கலாம் என்பதற்காக, துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-இல் அந்தப் பதிவுக்குக் கருத்துத் தெரிவித்து, தளத்தின் முழு ஆண்டு அறிக்கையையும் விதி 133 கணக்கையும் கோப்பில் வைத்தோம். முதல் பக்கச் சுருக்கம் மட்டும் போதாது, தேதி வாரிப் பக்கங்கள் முழுவதும் வேண்டும். ரத்தான கோரிக்கைகளும் ஏப்ரல் கணக்கும் அங்கேதான் இருக்கின்றன.

2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதைத் தொடர்ந்து பெரிய ரம்மி தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. அதனால் 2025-26-க்கான இவருடைய அறிக்கை ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைதான் ஓடும். அதன் தொடக்க இருப்பு ரூ. 1,500 ஆக இருக்க வேண்டும். ஆட்டம் நின்றபின் கணக்கில் கிடந்த பணம் வங்கிக்கு வந்தது எடுப்பு என்றே பதிவாகும்; இறுதி இருப்பு பூஜ்யம் ஆகும். செயலி கைபேசியிலிருந்து நீக்கப்பட்டு, பதிவு செய்த மின்னஞ்சலும் மறந்துபோனபின் அறிக்கையைப் பெறுவது கடினம் என்பதால், உள்ளே நுழைய முடிகிறபோதே இரண்டு ஆண்டுகளின் தேதி வாரி அறிக்கைகளையும் தரவிறக்கி வைக்கச் சொன்னேன். மனைவி அவற்றைத் தன் கைபேசியிலும் ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொண்டார்.